பக்க எண் பதில் ஆகாது

ரேண்டமைஸ்டு ட்ரையல் என்று மருத்துவர்கள் சொல்லும் சமவாய்ப்பு ஆய்வை எழுதி முடித்த இளம் ஆய்வாளர்களுக்கு, சென்ற இதழில் ஒரு மூத்த பேராசிரியர் அறிவுரை சொல்லியிருந்தார். கன்சார்ட் பட்டியல் ஜர்னல் அலுவலகத்துக்குத் தேவைப்படும் ஒரு படிவம்தான் என்கிறார். கட்டுரையை அனுப்பும் நாளில் அரை மணி நேரம் ஒதுக்கி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே பக்க எண்ணைப் போட்டுவிட்டால் வேலை முடிந்ததாம். இதற்கு அவர் சொல்லும் காரணங்கள் மூன்று. ஆய்வின் தரம் ஆய்வு நடக்கும்போதே முடிவாகிவிடுகிறது, எழுத்தால் அது மாறாது. ஏதாவது விடுபட்டால் மதிப்பாய்வாளர் கேட்பார். பட்டியல் கேட்பதையெல்லாம் எழுதினால் சொல் வரம்பு தாங்காது.

மூன்றும் தவறு. அதிலும் முதலாவது ஆபத்தான தவறு. இவரிடம் பயின்றவர்கள் பலர் இன்று வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். அவர்கள் இதை அப்படியே தங்கள் மாணவர்களுக்குக் கடத்துவார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கட்டுரை முழுவதும் அவர் 25 வரிப் பட்டியல் என்றே பேசுகிறார். அது 2010-இல் வந்த பட்டியல். 1996-இல் தொடங்கி 2001-லும் 2010-லும் திருத்தப்பட்ட கன்சார்ட், 2025 ஏப்ரலில் மறுபடி திருத்தப்பட்டு 30 வரிகளாக வெளியானது. பகுப்பாய்வில் யார் யாரைச் சேர்த்தீர்கள், விடுபட்ட தரவை என்ன செய்தீர்கள், சிகிச்சை திட்டமிட்டபடி உண்மையில் தரப்பட்டதா என்ற கேள்விகள் இப்போது வெளிப்படையாக இருக்கின்றன. ஒரு பட்டியலை வீண் என்று தீர்ப்புச் சொல்கிறவர், அதன் நடப்புப் பதிப்பையாவது பார்த்துவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

அவர் சொல்லும் முறையிலேயே ஒரு கைப்பிரதியை நிரப்பிப் பார்ப்போம். விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட கைப்பிரதிதான் இது. ஆனால் இத்தகைய கட்டுரைகளைப் படித்தவர்களுக்கு இதில் எந்த வரியும் புதிதாக இருக்காது. குடலிறக்க அறுவைக்கு வருகிற 120 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான வலி மருந்தோடு வயிற்றுச் சுவரில் நரம்பு மரப்பு ஊசி, மறுபாதிக்கு வழக்கமான மருந்து மட்டும். 24 மணி நேரத்துக்குள் மார்ஃபின் தேவைப்பட்டதா என்பதுதான் முதன்மை முடிவு. ஆறாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: ‘கணினி உருவாக்கிய சமவாய்ப்பு எண்களின்படி நோயாளிகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். மூடிய உறை முறை பின்பற்றப்பட்டது. வலியை மதிப்பிட்டவருக்குக் குழு விவரம் தெரியாது.’

பேராசிரியரின் வழிப்படி, வரிசையை உருவாக்கிய முறை, பிளாக் விவரம், ஒதுக்கீட்டை மறைத்த முறை, அதைச் செயல்படுத்தியவர் யார் என்ற நான்கு வரிகளுக்கும் எதிரே ‘6’ என்று எழுதிவிடலாம். பக்க எண் பொய்யில்லை. விஷயம் ஆறாம் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். ஆனால் அங்கே இல்லை. நான்கு கேள்விகளில் ஒன்றுக்குத்தான் அந்தப் பக்கம் பதில் சொல்கிறது, அதுவும் அரைகுறையாக.

கணினி என்றால் எந்த மென்பொருள், யார் உட்கார்ந்து உருவாக்கினார்? தெரியவில்லை. 120 பேர் சரியாக 60, 60 என்று பிரிந்திருக்கிறார்கள். தனித்தனியாக நாணயம் சுண்டுவதுபோல் ஒதுக்கியிருந்தால் இப்படிச் சரிபாதி அமைவது அபூர்வம், ஆகவே பிளாக் இருந்திருக்க வேண்டும். எத்தனை பேர் கொண்ட பிளாக்? எல்லா பிளாக்கும் நான்கு பேருக்கானது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆய்வில் ஊசி போடுகிற மயக்க மருத்துவருக்கு யாருக்கு ஊசி என்று தெரியும். முதல் இருவருக்கும் ஊசி என்றால், அடுத்த இருவருக்கும் இல்லை என்பதை அவர் உறையைத் திறக்காமலேயே சொல்லிவிடுவார். பிளாக்கின் அளவு மாறி மாறி வந்ததா, அது வார்டில் இருந்தவர்களுக்குத் தெரியாமல் இருந்ததா என்பதைப் பட்டியல் கேட்பது இதற்காகத்தான். 

அடுத்தது உறை. உறை என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளும் கட்டுரைகளுக்குக் கணக்கில்லை. உறைக்கு வரிசை எண் இருந்ததா? வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே எழுதியிருப்பது தெரியாதபடி கனமான தாளா? ஒட்டப்பட்டிருந்ததா? நோயாளியின் பெயரை மேலே எழுதிய பிறகு திறந்தார்களா, முன்பேயா? அறுவை அரங்க வாசலில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். உடல் பருத்த ஒருவர் வருகிறார். அவருக்கு இந்த ஊசி போடுவது சிரமம். உறையை முன்பே பிரித்துப் பார்த்த மருத்துவருக்கு உள்ளே ‘ஊசி’ என்றிருப்பது தெரிகிறது. ‘இவர் ஆய்வுக்குத் தகுதியானவர் இல்லை’ என்று குறித்துவிட்டு, அதே உறையை அடுத்து வரும் மெலிந்த நோயாளிக்கு வைத்துக்கொள்கிறார். கெட்ட நோக்கம் ஏதும் வேண்டாம், அன்றைய வேலை நெருக்கடி போதும். இரண்டு குழுக்களும் ஒன்றுபோல இல்லாமல் போய்விடும். அதன்பின் எந்தப் புள்ளியியல் சோதனையும் அதைச் சரிசெய்யாது.

ஆறாம் பக்கத்தின் கடைசி வாக்கியம்தான் அதிகம் ஏமாற்றுவது. வலியை மதிப்பிட்டவருக்குக் குழு தெரியாது என்பதைப் படித்ததும், மறைப்பு விஷயம் முடிந்தது என்று நிரப்புகிறவர் நினைத்துக்கொள்கிறார். அது வேறு, இது வேறு. மதிப்பிடுபவருக்குத் தெரியாமல் வைப்பது ஒதுக்கீட்டுக்குப் பின் நடக்கும் காரியம். எல்லா ஆய்விலும் அது முடியாது. அடுத்த நோயாளிக்கு என்ன வரப்போகிறது என்பது அவரைச் சேர்ப்பவருக்குத் தெரியாமல் வைப்பது ஒதுக்கீட்டுக்கு முன் நடப்பது. அது எல்லா ஆய்விலும் முடியும். இரண்டையும் குழப்பியிருப்பது பக்க எண் எழுதும்போது கண்ணில் படவே படாது. பதிலாக நிற்கும் வாக்கியத்தைக் கைப்பிரதியிலிருந்து அப்படியே எடுத்துக் கேள்விக்கு எதிரே ஒட்டும்போதுதான் படும். கேள்வி ஒன்று கேட்கிறது, ஒட்டிய வாக்கியம் வேறொன்றைச் சொல்கிறது என்பது அந்த இடத்தில் அப்பட்டமாகத் தெரியும்.

இதெல்லாம் எழுத்துப் பிரச்சினைதானே, ஆய்வு நன்றாக நடந்திருந்தால் என்ன குறை என்பது பேராசிரியரின் வாதம். நன்றாக நடந்தது என்று யாருக்குத் தெரியும்? கென்னத் ஷுல்ஸும் சக ஆய்வாளர்களும் 1995-இல் 250 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஒதுக்கீட்டைச் சரியாக மறைக்காத ஆய்வுகள், சரியாக மறைத்தவற்றைவிடச் சிகிச்சையின் பலனை, ஆட்ஸ் விகிதக் கணக்கில், சராசரியாக 41 சதவீதம் மிகைப்படுத்திக் காட்டின. எப்படி மறைத்தோம் என்று தெளிவாகச் சொல்லாத ஆய்வுகளில் அந்த மிகை 30 சதவீதம். அதாவது, சொல்லாமல் விட்டவை ஒரு கூட்டமாக, சரியாகச் செய்தவற்றைப் போல நடந்துகொள்ளவில்லை. தவறாகச் செய்தவற்றின் பக்கமே சாய்ந்தன. எழுத்தில் விழுந்த ஓட்டைக்கும் ஆய்வில் விழுந்த ஓட்டைக்கும் தொடர்பில்லை என்று சொல்லும் பேராசிரியர், முப்பது ஆண்டுகளாகக் கண்ணெதிரே இருக்கும் இந்தச் சான்றைத் தொடக்கூட இல்லை.

ஸ்பெயினின் பிரெடிமெட் ஆய்வை எடுத்துக்கொள்வோம். ஆலிவ் எண்ணெயும் கொட்டைகளும் சேர்ந்த மத்தியதரைக் கடல் உணவு மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைக்குமா என்று 7,447 பேரிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வு அது. 2013-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. 2018-இல் ஆய்வாளர்களே அதைத் திரும்பப் பெற்று, திருத்திய பகுப்பாய்வோடு மறுபடி வெளியிட்டார்கள். காரணம்: ஒரே வீட்டைச் சேர்ந்தவர்களுக்குச் சமவாய்ப்பு இல்லாமல் ஒரே உணவைக் கொடுத்திருந்தார்கள். ஒரு மையத்தில் தனி ஆட்களுக்குப் பதிலாக மொத்தக் கிளினிக்குக்கும் ஒரே உணவை ஒதுக்கியிருந்தார்கள். விதி மீறி ஒதுக்கப்பட்டதாகத் தெரிந்தவர்களும் சந்தேகிக்கப்பட்டவர்களுமாக 1,588 பேரை நீக்கியும் ஒரு கணக்குப் போட வேண்டியிருந்தது. முடிவு ஏறத்தாழ அப்படியே நின்றது. ஆனால் அதை முன்போல உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

‘வரிசையை யார் உருவாக்கினார், பங்கேற்பாளரை யார் சேர்த்தார், யார் குழுவில் போட்டார்’ என்ற கன்சார்ட் வரி கேட்பது இதைத்தான். கட்டுரையை அனுப்புமுன் அந்த ஒரு வரியை ஒவ்வொரு மையத்துக்கும் அனுப்பி எழுத்தில் பதில் கேட்டிருந்தால் எல்லாம் வெளிவந்திருக்கும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வெளிவருவதற்கு அதைவிட நேரான வழி வேறில்லை. பிரச்சினை கடைசியில் வெளியே வந்த பாதையும் கவனிக்கத்தக்கது. ஜான் கார்லைல் என்ற மயக்க மருத்துவர் ஆயிரக்கணக்கான ஆய்வுகளில் தொடக்க நிலை விவரங்களைச் சோதித்து 2017-இல் வெளியிட்டார். அவற்றில் பொருந்தாத ஒன்றாகப் பிரெடிமெட் தெரிந்தது. அந்தத் தொடக்க நிலை அட்டவணையும் கன்சார்ட் கேட்கும் ஒரு வரிதான். அது அச்சில் இருந்ததால்தான் ஒருவரால் கேள்வி கேட்க முடிந்தது.

மறுபடி நம் கைப்பிரதிக்கு வருவோம். பேராசிரியரின் அரை மணி நேரத்தில் பிடிபடவே முடியாத ஒன்று அதில் இருக்கிறது. சுருக்கத்தில் 120 பேர் என்கிறது. முறைப் பகுதியில், ஒதுக்கப்பட்ட குழுவிலேயே வைத்து எல்லோரையும் கணக்கிட்டோம் என்கிறது. இரண்டாம் அட்டவணையில் ஊசிக் குழுவில் 54-இல் 18 பேருக்கு மார்ஃபின் தேவைப்பட்டது, மற்றக் குழுவில் 57-இல் 30 பேருக்கு. 33.3 சதவீதம், 52.6 சதவீதம். வித்தியாசம் 19 சதவீதப் புள்ளி, 95 சதவீத நம்பக இடைவெளி 1 முதல் 37 வரை. பலன் உண்டு என்று முடிவுரை சொல்கிறது.

60 எப்படி 54 ஆனது? பட்டியல் கேட்கும் ஓட்டப் படத்தை வரைய உட்கார்ந்தால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. ஒவ்வொரு பெட்டியிலும் எண்ணை எழுத வேண்டும், மேலே உள்ள எண்ணுக்கும் கீழே உள்ள எண்ணுக்கும் இடையில் விழுந்தவர்களுக்குக் காரணம் எழுத வேண்டும். பதிவேட்டைத் திறந்தால் காரணம் கிடைக்கிறது. அந்த ஆறு பேருக்கும் ஊசி போட்ட இடம் சரியாக மரத்துப்போகவில்லை. எனவே ‘சிகிச்சை பெறாதவர்கள்’ என்று நீக்கிவிட்டார்கள். ஆறு பேருக்கும் மார்ஃபின் தர வேண்டியிருந்தது. மற்றக் குழுவில் குறைந்த மூவருக்கு அறுவையே நடக்கவில்லை. அந்த ஆறு பேரையும் அவர்கள் இடத்தில் திரும்ப வைத்தால் 60-இல் 24, அதாவது 40 சதவீதம். வித்தியாசம் 13 புள்ளியாகச் சுருங்குகிறது. நம்பக இடைவெளி கழித்தல் 5 முதல் 31 வரை போகிறது. பலன் உண்டு என்று சொல்லும் தகுதியை அந்த ஆய்வு இழந்துவிடுகிறது. ஊசி பலிக்காமல் போவதும் அந்தச் சிகிச்சையின் ஒரு பகுதிதான். நாளை ஊசி போட்டுக்கொள்ளும் நோயாளிக்கும் அது நேரலாம்.

இங்கே மாறியது எழுத்தா, ஆய்வா? நோயாளிகள் அதே பேர், தரவு அதே தரவு. மாறியது முடிவு. விடுபட்டதைத் தேடுவது கட்டுரையை அழகுபடுத்தும் வேலை என்று சொல்கிறவர், இந்த ஆறு பேர் எங்கே என்று ஒருமுறைகூட எண்ணிப் பார்த்ததில்லை என்றே நினைக்க வேண்டியிருக்கிறது.

மதிப்பாய்வாளர் கேட்பார் என்ற நம்பிக்கைக்கு என்ன ஆதாரம்? 2006 டிசம்பரில் பப்மெட் பட்டியலில் சேர்ந்த சமவாய்ப்பு ஆய்வுகளைச் சாலி ஹோப்வெல் குழு பரிசோதித்தது. வரிசை உருவாக்கிய முறையைச் சொன்னவை 34 சதவீதம். ஒதுக்கீட்டை எப்படி மறைத்தோம் என்று சொன்னவை 25 சதவீதம். இவை அச்சேறியவை. எல்லாம் மதிப்பாய்வாளர் கையைக் கடந்து வந்தவை. முதன்மை முடிவு மாற்றப்பட்டதைக் கண்டுபிடிப்பதிலும் இதே கதைதான். பென் கோல்டேக்கர் குழு, கன்சார்ட்டை ஏற்றுக்கொண்ட ஐந்து புகழ்பெற்ற ஜர்னல்களில் ஆறு வாரங்களில் வந்த 67 ஆய்வுகளை அவற்றின் பதிவுகளோடும் நெறித்திட்டங்களோடும் ஒப்பிட்டது. அறிவித்தபடி எல்லாவற்றையும் சரியாகத் தந்தவை 9 மட்டுமே. மிகத் திறமையான ஆசிரியர் குழுக்கள் இருக்கும் இடத்தில் இது நிலைமை. மதிப்பாய்வாளர் கையில் கைப்பிரதி மட்டுமே இருக்கிறது, இல்லாததை அவர் எப்படிப் பார்ப்பார்? பதிவேடும், உறைகளும், நெறித்திட்டத்தின் திருத்தங்களும் ஆய்வாளரின் அலமாரியில்தான் இருக்கின்றன.

இந்தியாவில் இதற்குச் சாக்கு இன்னும் குறைவு. 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ.யில் பதிய வேண்டும். பதிவில் முதன்மை முடிவு என்ன, எந்த நேரத்தில் அளப்பது என்று எழுதியிருக்கும். கைப்பிரதியை ஒரு பக்கமும் அந்தப் பதிவை மறுபக்கமும் வைத்துப் பார்த்தால் போதும். பதிவில் ‘12 மணி நேர வலி மதிப்பெண்’, கைப்பிரதியில் ‘24 மணி நேர மார்ஃபின் தேவை’ என்றிருந்தால், எப்போது மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று எழுதியாக வேண்டும். நியாயமான காரணம் இருக்கலாம். அதைச் சொல்லாமல் விடுவதற்கு நியாயமான காரணம் கிடையாது.

சொல் வரம்பு என்ற வாதத்துக்கு 1948-இல் வந்த ஸ்ட்ரெப்டோமைசின் கட்டுரையே போதும். காசநோய்க்கு அந்த மருந்தைச் சோதித்த பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழு அப்போதே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும், ஆண் பெண் எனத் தனித்தனியாக, பிராட்ஃபோர்டு ஹில் சமவாய்ப்பு எண்களிலிருந்து வரிசையை உருவாக்கினார். அது ஆய்வாளர்கள் யாருக்கும் தெரியாது. ஒட்டிய உறைகளுக்கு மேலே மருத்துவமனையின் பெயரும் ஓர் எண்ணும் மட்டும் இருந்தன. நோயாளியைச் சேர்ப்பது என்று முடிவான பிறகே உறை திறக்கப்பட்டது. ஒரு சிறு பத்தியில் அடங்கிவிட்டது. பட்டியல் என்ற ஒன்று பிறப்பதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்பு எழுதப்பட்டதை, இன்று இணைப்புக் கோப்புக்கும் இடம் தரும் ஜர்னல்களில் எழுத முடியாதாம். நம் கைப்பிரதியின் முன்னுரையில் குடலிறக்கம் எவ்வளவு பரவலானது என்று ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. இடம் வேண்டுமானால் அங்கே எடுத்துக்கொள்ளட்டும்.

ஒரு விஷயத்தில் அவர் சொல்வது சரி. நடைமுறையில் பலர் பக்க எண்களை மட்டுமே நிரப்பி அனுப்புகிறார்கள். அதைக் கண்டிக்க வேண்டியவர் அதையே வழிமுறையாகப் பரிந்துரைக்கிறார் என்பதுதான் என் குற்றச்சாட்டு. பட்டியல் மதிப்பெண் தரும் கருவி அல்ல என்பதும் உண்மை. மோசமாக நடந்த ஆய்வு முப்பது வரிக்கும் பதில் சொன்னாலும் மோசமான ஆய்வுதான். ஆனால் அது மோசம் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும். அதற்காகத்தான் பட்டியல் இருக்கிறது.

ஆகவே அரை மணி நேரம் போதாது. கட்டுரையை எழுதியவர் சரிபார்க்கவும் கூடாது. இல்லாத வாக்கியத்தையும் அவர் மனம் படித்துவிடும். ஆய்வில் சேராத சக மருத்துவர் ஒருவரிடம் கைப்பிரதி, நெறித்திட்டம், பதிவு மூன்றையும் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பதிலான வாக்கியத்தை வெட்டி ஒட்டச் சொல்ல வேண்டும். பாதிப் பதில் என்றால் எந்தப் பாதி இல்லை என்று குறிக்கச் சொல்ல வேண்டும். பிறகு எல்லா எண்களையும் கூட்டிப் பார்க்க வேண்டும்: சுருக்கம், ஓட்டப் படம், ஒவ்வொரு அட்டவணையின் பகுதி எண், பக்க விளைவு அட்டவணை. இதற்கு ஒரு முழு நாள் ஆகும்.

அதைத் தள்ளிப்போடவும் முடியாது. உறைகளைக் கையாண்ட முதுநிலை மாணவர் படிப்பு முடிந்து வேறு ஊருக்குப் போய்விடுவார். வரிசையை உருவாக்கிய புள்ளியியலாளரின் கோப்பு பழைய கணினியோடு போய்விடும். மதிப்பாய்வாளர் எட்டு மாதம் கழித்து, அவர் கேட்டால், பிளாக்கின் அளவு என்ன என்று கேட்கும்போது நினைவிலிருந்து ஏதோ ஒன்றை எழுதுவார்கள். அப்படி எழுதுவது பொய். கைப்பிரதி இன்னும் மேசையில் இருக்கும்போதே தேடி, கிடைத்ததை எழுத வேண்டும். பதிவே இல்லை என்றால், ‘உறைகள் ஒளி ஊடுருவாதவையா என்பதற்குப் பதிவு இல்லை, அவற்றை எப்போது திறந்தார்கள் என்பதும் குறிக்கப்படவில்லை’ என்று குறைகள் பகுதியில் எழுத வேண்டும். அந்த இரண்டு வரியை எழுத நேரும்போது, அடுத்த ஆய்வுக்கு உறை ஒட்டுகிறவர் என்ன பதிவு வைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். பேராசிரியரின் மாணவர் அந்த இடத்தில் ‘6’ என்று எழுதி அனுப்பிவிட்டிருப்பார். பின்னால் இதே ஊசி பற்றிய ஆய்வுகளைத் தொகுக்க வருகிறவர் அந்தக் கட்டுரைக்கு எதிரே ‘தெளிவில்லை’ என்று குறிப்பார். உறையைச் சரியாகவே கையாண்டிருந்தாலும் அந்த 120 நோயாளிகளின் ஒத்துழைப்புக்கு அங்கே கிடைப்பது அந்தக் குறிப்புதான்.